யானை வந்ததா, வந்திருக்கிறதா? மனுவில் எதை எழுதுவது?

வாளையாறு செந்தில் | திங்கள், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு வாளையாறுக்கு மேற்கே, மலையடிவாரத்தில். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம். போன வாரம் எங்கள் நேந்திரன் தோட்டத்தில் யானை புகுந்து 23 வாழைகளை முறித்துவிட்டது. நாங்கள் யாரும் யானையைக் கண்ணால் பார்க்கவில்லை. ராத்திரி 2 மணி வாக்கில் வாழை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. பயத்தில் வெளியே போகவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் கால்தடம், லத்தி, சாய்ந்த வேலி.

அப்பா ஊரில் எல்லோரிடமும் சொன்னது இப்படி: "ராத்திரி யானை வந்திருக்குதுங்க. வாழையை முறிச்சிருக்குது."

மனு எழுதும்போது தட்டச்சு செய்தவர், "பேச்சு வழக்கு வேண்டாம்" என்று சொல்லி "இரவு 2 மணிக்கு யானை வந்தது. 23 வாழைகளை முறித்தது" என்று மாற்றிவிட்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

விசாரிக்க வந்த அதிகாரி மலையாளி. ஆனால் தமிழ் நன்றாகப் படிப்பார். மனுவைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "எத்தனை யானை? கொம்பனா, பிடியா? எந்தப் பக்கம் போச்சு?" அப்பா பார்க்கவில்லை என்றார். "2 மணிக்கு வந்நு என்றல்லே எழுதியிருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் அதே இரவுக்குக் காட்டுப்பன்றி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது எங்கள் மனு நிற்கிறது. திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள்.

என் கேள்வி இதுதான். வந்தது, வந்திருக்கிறது, வந்துள்ளது, வந்திருந்தது. நான்குக்கும் என்ன வித்தியாசம்? பேச்சில் சரியாக இருப்பது எழுத்தில் தப்பாகுமா?

---

தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர் | திங்கள், இரவு 9:48

தம்பி, இதில் குழப்பமே இல்லை. "வந்திருக்குது" என்பது பேச்சு. அதன் எழுத்து வடிவம் "வந்துள்ளது". பொருள் ஒன்றுதான். மனுவில் "யானை வந்துள்ளது, வாழைகளை முறித்துள்ளது" என்று எழுதியிருந்தால் போதும். இன்னொன்று, "நேற்று", "2 மணிக்கு" என்று காலம் சொல்லிவிட்டால் "வந்தது" என்றுதான் எழுத வேண்டும். "நேற்று வந்திருக்கிறது" என்பது பிழை. 31 ஆண்டுகள் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

---

குப்பம் வேலு | திங்கள், இரவு 10:05

ஐயா, ஆந்திரச் சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா? எங்கள் பக்கமும் ஒரு சித்தூர் இருக்கிறது, எங்கள் பக்கமும் யானை வருகிறது.

---

தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர் | திங்கள், இரவு 10:11

பாலக்காட்டுச் சித்தூர்.

---

கஞ்சிக்கோடு ட்யூஷன் | திங்கள், இரவு 10:30

நல்ல தலைப்பு. என் மாணவர்கள் எல்லோருக்கும் இதே பிரச்சினைதான். "ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எஸ்டர்டே வந்தால் ஹேவ் வரக் கூடாது, "ஐ ஸா ஹிம் எஸ்டர்டே" என்றுதான் வர வேண்டும். செந்தில், மனுவை ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தால் "ஆன் எலிஃபன்ட் கேம்" என்று எழுதுங்கள்.

---

வாளையாறு செந்தில் | திங்கள், இரவு 10:41

மனு தமிழில்தான், சார். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம் என்று இங்கே எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறோம்.

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், காலை 6:20

நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் 20 வருஷத்துக்கு மேல் மெய்ப்புத் திருத்தினேன். இந்த நான்கையும் தினமும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஐயா சொன்னதற்கு. "நேற்று வந்திருக்கிறது" தமிழில் பிழை இல்லை. அது ஆங்கிலத்தின் விதி. ட்யூஷன் சார் சொன்னதும் அதுதான். நம் பள்ளிகளில் ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும்போது "ஹேஸ் கம்" என்பதற்கு "வந்திருக்கிறான்" என்று நேர் போட்டுக் கற்றுக்கொடுத்தோம். அப்படியே அதன் விதியும் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் வீட்டில் எல்லோரும் "நேத்து ராத்திரி நல்ல மழை பேஞ்சிருக்கு" என்கிறோம். அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

எப்போது அப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். காலையில் எழுந்து வாசலைத் திறந்தால் மண் நனைந்திருக்கிறது. மழையை நாம் பார்க்கவில்லை, ஈரத்தைத்தான் பார்க்கிறோம். அப்போதுதான் "பேஞ்சிருக்கு". ராத்திரி முழுக்கத் தூங்காமல் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் "நேத்து நல்ல மழை பேஞ்சுது" என்பார். இரண்டு பேரும் பேசுவது ஒரே மழையை. மழை தெரிந்த விதம்தான் வேறு.

இந்த இடத்தில் "இரு" என்பது, நிகழ்ச்சியை விட்டுப் போன தடத்தின் வழியாகச் சொல்கிறேன் என்று காட்டுகிறது. தடம் இப்போது இருக்கிறது, அதனால்தான் "இருக்கிறது". உங்கள் அப்பா "வந்திருக்குது" என்று சொன்னபோது, பார்க்கவில்லை, தடத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். தட்டச்சு செய்தவர் "வந்தது" என்று மாற்றியபோது அந்தச் செய்தி போய்விட்டது. அதிகாரி அதைப் பார்த்தவர் சொல்லும் சாட்சியாகப் படித்தார். அவர் கேட்ட கேள்விகள் நியாயமானவை.

---

மீனா, கொழிஞ்சாம்பாறை | செவ்வாய், காலை 7:02

அண்ணா, அப்படியானால் "நான் மூணாறு போயிருக்கேன்" என்பது? நானே போனதுதானே, தடம் பார்த்தா சொல்கிறேன்?

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், காலை 7:25

நல்ல கேள்வி அம்மா. அது வேறு வேலை. ஒரு முறையாவது நடந்தது, அந்த அனுபவம் இப்போது என்னிடம் இருக்கிறது என்கிறது. "பலாக்காய் பொரியல் சாப்பிட்டிருக்கீங்களா?" என்றால் வாழ்நாளில் எப்போதாவது. "சாப்பிட்டீங்களா?" என்றால் இன்றைய சாப்பாடு ஆச்சா என்று. விருந்துக்கு வந்தவரிடம் மாற்றிக் கேட்டால் அவர் விழிப்பார்.

மூன்றாவது வேலையும் உண்டு. "அப்பா மதுரைக்குப் போயிருக்காரு" என்றால் இப்போது வீட்டில் இல்லை. அதே சொல்லுக்கு "ரெண்டு மூணு தடவை" சேர்த்தால் அனுபவம். மற்றவர்கள் சொன்னதை வைத்து "நேத்தே போயிருக்காரு, எனக்குத் தெரியலை" என்றால் பின்னால் அறிந்தது. ஒரே வடிவம் மூன்று வேலை செய்கிறது, கூட வரும் சொல்தான் பிரித்துக் காட்டும்.

உங்களுக்கு ஒரு சோதனை தருகிறேன். "நான்" வைத்து, "நேற்று" வைத்துச் சொல்லிப் பாருங்கள். "நேத்து நான் சந்தைக்குப் போயிருக்கேன்" என்றால் காதில் இடறுகிறது. நானே செய்ததை நானே தடம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? ஆனால் "நேத்து ராத்திரி தூக்கத்தில் பேசியிருக்கேன்" சரியாக வருகிறது. காலையில் வீட்டுக்காரர் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். பழைய பதிவேட்டில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு "பத்தாம் தேதி நான் இங்கே வந்திருக்கேன்" என்று சொல்வதும் அப்படியே. தனக்கு நடந்தது தனக்கே மறந்தோ தெரியாமலோ போன இடத்தில்தான் அது வரும்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர் | செவ்வாய், காலை 8:15

"தூக்கத்தில் பேசியிருக்கிறேன்" என்ற எடுத்துக்காட்டை மறுக்க முடியவில்லை. நேற்று நான் சொன்ன விதியை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் "உள்ளது" எழுத்து வடிவம் என்பதில் மாற்றமில்லை. "யானை வந்துள்ளது" என்று பேசுகிறவர் யாராவது உண்டா?

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், காலை 9:40

இல்லை ஐயா, அது முழுக்க எழுத்துக்கும் செய்தி வாசிப்புக்கும் உரியது. அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "இருக்கிறது" போகும் இடமெல்லாம் "உள்ளது" போகும் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நாளிதழில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் பத்தியில் "அமைச்சர் தெரிவித்துள்ளார்" என்று வரும். இன்றைக்குப் புதிது, இப்போதும் நிற்கிறது என்ற தொனி. அடுத்த பத்தியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் "வந்தார், திறந்தார், பேசினார்" என்று சாதாரண இறந்தகாலம். "தெரிவித்திருக்கிறார்" என்றும் போடலாம், ஆனால் அது நீளம். பத்தி நெருக்கத்தில் இரண்டு எழுத்து குறைந்தாலும் லாபம். இப்படி "உள்ளார்" பழகிப் பழகி, அது எந்தத் தொனியும் இல்லாத ஒரு செய்தி முத்திரை ஆகிவிட்டது. நேரில் பார்த்த நிருபரும் "வந்துள்ளது" என்பார், கேட்டு எழுதியவரும் "வந்துள்ளது" என்பார். அதனால் "பார்க்கவில்லை, தடத்தில் இருந்து சொல்கிறேன்" என்பதை அது உறுதியாகக் காட்டாது.

இன்னொரு குறை, "உள்" என்ற வினைக்குக் காலம் கிடையாது. உள்ளது, உள்ளார், உள்ளேன் என்று இருக்கும். அதற்கு ஓர் இறந்தகாலம் இல்லை. ஆகவே "வந்திருந்தது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதனால் உதவ முடியாது. செய்தித் தமிழிலும் அங்கே "இரு"தான் திரும்பி வருகிறது.

---

அக்ரஹாரத்து மருமகள் | செவ்வாய், காலை 11:05

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். நான் கும்பகோணம் பக்கத்தில் பிறந்து கல்யாணமாகிப் பாலக்காடு வந்தவள். வந்த புதிதில் எனக்கு ஒன்று நேர்ந்தது. மாடியில் குழாய் ரிப்பேர். கீழ் வீட்டுச் சேச்சி படியில் நின்று "ப்ளம்பர் வந்நிட்டுண்டு" என்றார். எங்கள் வீட்டுத் தமிழில் "வந்துண்டு இருக்கார்" என்றால் வழியில் இருக்கிறார் என்று அர்த்தம். அதையே கேட்டதாக நினைத்து, சரி, வரட்டும் என்று அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே முக்கால் மணி நேரம் காத்திருந்து போய்விட்டார். சேச்சி சொன்னது "வந்திருக்கிறார்" என்று பிறகுதான் புரிந்தது.

"உண்டு" என்ற ஒலி ஒன்று போலவே காதில் விழுகிறது, ஆனால் ஒன்று நடந்துகொண்டிருப்பது, மற்றொன்று நடந்து முடிந்து நிற்பது. அந்த அதிகாரி மலையாளி என்பதால் அவர் காதில் நம் "வந்திருக்கு" எப்படி விழும் என்று யோசித்தேன்.

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், மதியம் 12:30

விலகவே இல்லை அம்மா, இந்த விஷயத்தின் நடுவில் நிற்கிறீர்கள். உங்கள் "வந்துண்டு" என்பது "வந்துகொண்டு" தேய்ந்தது. சேச்சியின் "வந்நிட்டுண்டு" என்பதில் கடைசியில் இருப்பது "உண்டு", அதாவது "இருக்கிறது". எல்லையில் இது எல்லோரையும் ஒரு முறையாவது ஏமாற்றும்.

மலையாளத்திலும் இரண்டு வடிவம் உண்டு. பேச்சில் அதிகம் கேட்பது "வந்நிட்டுண்டு". எழுத்திலும் மேடையிலும் "வந்நிரிக்குந்நு" கூடுதல். நம் "வந்திருக்கிறது" இரண்டாவதற்கு உருவத்தில் சகோதரம். ஆகவே அதிகாரிக்கு அது புரியாமல் போக வாய்ப்பில்லை.

---

மீனா, கொழிஞ்சாம்பாறை | செவ்வாய், மதியம் 1:10

நான் மலையாள மீடியத்தில் படித்தவள். அங்கே இல்லை என்று சொல்லும்போதும் இரண்டு இருக்கிறது. "வந்நில்லா" என்றால் நேற்று வரவில்லை, கதை முடிந்தது. "வந்நிட்டில்லா" என்றால் இதுவரை வரவில்லை, இனி வரலாம். தமிழில் பேசும்போது இரண்டுக்கும் "வரலை" மட்டும்தான் எனக்கு வருகிறது. என் தமிழ்தான் குறைவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், மதியம் 1:45

குறைவில்லை. தமிழில் எதிர்மறைக்குப் போனதும் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. "நேத்து வரலை", "இன்னும் வரலை". "இன்னும்" என்ற சொல்தான் மலையாளத்து "இட்டில்லா"வின் வேலையைச் செய்கிறது. "வந்திருக்கவில்லை" என்று எழுத்தில் உண்டு, கதைகளில் பார்க்கலாம், "நான் போனபோது அவர் வந்திருக்கவில்லை" என்று. பேச்சில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாருங்கள், இப்போது நான் எழுதியது "கேட்டதில்லை". அது "போயிருக்கேன்" என்ற அனுபவத்துக்கு எதிர்மறை. "மூணாறு போயிருக்கீங்களா?" என்றால் "போனதில்லை" என்கிறோம். இது ஒன்று மட்டும் பேச்சிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

---

குப்பம் வேலு | செவ்வாய், பிற்பகல் 3:20

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியும் வேலையும் தெலுங்கு. தெலுங்கில் வந்தான் என்றாலும் வந்திருக்கிறான் என்றாலும் பேச்சில் "வச்சாடு" போதும். யானையைப் பார்க்காமல் தடம் மட்டும் பார்த்தால் "ஏனுகு வச்சினட்டுந்தி" என்போம், வந்த மாதிரி இருக்கிறது என்று. அதாவது "மாதிரி" என்று தனியாகச் சொல்லியாக வேண்டும்.

இதனால் என் பிள்ளைகள் தமிழ் பேசும்போது எல்லாவற்றையும் "வந்தது" என்று முடிக்கிறார்கள். என் அம்மா "மழை பேஞ்சிருக்கு" என்றால், என் மகன் "மழை வந்துச்சு போல" என்கிறான். அம்மாவுக்கு அது அரைகுறையாகப் படுகிறது. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. "போல" அதே வேலையைச் செய்கிறதே?

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், மாலை 4:50

வேலு, கிட்டத்தட்டச் செய்கிறது, ஆனால் எடை வேறு. "வந்த மாதிரி இருக்கு", "வந்துச்சு போல" என்றால் சந்தேகம் கலந்திருக்கிறது. "வந்திருக்கு" என்றால் சந்தேகமே இல்லை, பார்க்கவில்லை என்பது மட்டும்தான். ஈர மண்ணைப் பார்த்தவர் மழையைப் பற்றி ஐயப்படவில்லை. செந்திலின் அப்பாவுக்கு யானை வந்ததில் ஐயமில்லை, லத்தி கிடக்கிறது. மனுவில் "வந்தது போலத் தெரிகிறது" என்று எழுதினால் தானே தன் வழக்கைப் பலவீனமாக்கிக்கொள்வார்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர் | செவ்வாய், மாலை 5:30

அப்படியானால் மனுவில் "காலையில் நாங்கள் பார்த்தபோது யானை வந்திருந்தது" என்று எழுதலாமே? கதை முழுவதும் இறந்தகாலத்தில் போகும்போது நடுவில் "இருக்கிறது" என்று நிகழ்காலம் வருவது எனக்கு நெருடுகிறது.

---

வாளையாறு செந்தில் | செவ்வாய், மாலை 6:05

ஐயா, அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "காலைல யானை அங்கயே நின்னுச்சுன்னு அர்த்தமாயிரும்டா" என்றார்.

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், மாலை 6:40

உங்கள் அப்பாவின் காது சரியான காது. "நான் போனபோது மாமா வந்திருந்தார்" என்றால் மாமா அங்கே உட்கார்ந்திருக்கிறார். அதே போலத்தான் யானையும் தோட்டத்தில் நிற்கும்.

"வந்திருந்தது" என்பதற்கு இன்னொரு வழக்கும் உண்டு. "நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன், பூட்டியிருந்தது." வந்தேன், திரும்பிவிட்டேன், வந்ததன் பலன் இப்போது இல்லை. "வந்தேன்" என்றாலும் தப்பில்லை, ஆனால் "வந்திருந்தேன்" என்றால் அந்த வருகை முடிந்து மூடப்பட்டது. ட்யூஷன் சார், உங்கள் மாணவர்கள் "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் எஸ்டர்டே" என்று எழுதுவது இங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் தமிழைச் சரியாகத்தான் மொழிபெயர்க்கிறார்கள், ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு வேறு வடிவம்.

---

கஞ்சிக்கோடு ட்யூஷன் | செவ்வாய், இரவு 7:15

நான் கேள்வியைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. ஆனால் இது எனக்கு மிகவும் உதவும். "ஹேட் கம்" என்று எழுதினால் வெறும் பிழை என்று சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நாளை வகுப்பில் "வந்திருந்தேன்" என்பதையே பலகையில் எழுதித் தொடங்குகிறேன்.

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், இரவு 8:30

செந்தில், மனுவுக்கு வருவோம். நீங்கள் சொன்னதை வைத்து வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தேன்.

நீங்களே செய்தது, நீங்களே கேட்டது, நீங்களே பார்த்தது எல்லாம் சாதாரண இறந்தகாலத்தில் போகட்டும். "இரவு 10 மணிக்குப் படுத்தோம். 2 மணி அளவில் வாழை முறியும் சத்தம் கேட்டது. பயத்தால் வெளியே செல்லவில்லை. காலை 6 மணிக்குத் தோட்டத்துக்குச் சென்றோம்." சத்தம் "கேட்டது" என்பதில் கவனம் வையுங்கள். 2 மணி என்ற நேரம் சத்தத்துக்கு உரியது. பழைய மனுவில் அந்த நேரம் யானை வந்ததோடு ஒட்டிக்கொண்டது, அதில்தான் எல்லாம் பிசகியது.

அடுத்தது காலையில் கண்ட நிலை. "23 வாழைகள் முறிந்து கிடந்தன. மேற்கு வேலி சாய்ந்திருந்தது. யானையின் கால்தடங்களும் லத்தியும் இருந்தன." இங்கே "சாய்ந்திருந்தது" சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் வேலி அந்த நேரத்தில் அங்கேயே சாய்ந்த நிலையில் இருந்தது. யானைக்கு ஒத்துவராதது வேலிக்கு ஒத்துவருகிறது.

கடைசியில் முடிவு. "இவற்றைப் பார்க்கும்போது, யானை மேற்கு வேலி வழியாக வந்து, வாழைகளை முறித்துவிட்டுப் போயிருக்கிறது." வெறும் "வந்திருக்கிறது" என்றால் இன்னும் இருக்கிறதோ என்று ஒரு சின்ன ஐயம் வரும். "போயிருக்கிறது" என்று முடித்தால் அதுவும் தீர்ந்தது. தடத்தில் இருந்து சொல்கிறோம் என்பதும் நிற்கிறது. ஐயாவுக்கு நெருடும் நிகழ்காலம், இந்த வாக்கியத்தை இன்றைக்கு, மனு எழுதும் மேசையில் இருந்து நீங்கள் சொல்வதால் வருகிறது.

போன மாதமும் யானை வந்தது என்று எழுதுவீர்களானால், அப்போது யாராவது பார்த்தார்களா என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்திருந்தால் "வந்தது", யார் பார்த்தார் என்ற பெயரோடு.

---

தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர் | செவ்வாய், இரவு 9:20

வாக்கிய வரிசை நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். அதிகாரி ஒருவர் படிக்கும் தாளில் இந்த நுட்பத்தை ஒரு "இரு"வின் தலையில் ஏற்றிவைப்பது ஆபத்து. "நாங்கள் யானையை நேரில் பார்க்கவில்லை" என்று ஒரு முழு வாக்கியமாகவே எழுதிவிட வேண்டும். பேச்சில் முகமும் குரலும் துணை நிற்கின்றன. தாளில் அவை இல்லை.

---

பழைய மெய்ப்புக்காரர் | செவ்வாய், இரவு 9:35

அதை முழு மனதோடு ஏற்கிறேன் ஐயா. செந்தில், "வெளியே செல்லவில்லை" என்பதற்கு அடுத்து அந்த வாக்கியத்தைச் சேருங்கள்.

---

அக்ரஹாரத்து மருமகள் | செவ்வாய், இரவு 10:10

எனக்கு ஒரு சந்தேகம். "யானை முறித்துவிட்டுப் போயிற்று" என்று எழுதினால்? எங்கள் ஊரில் பாட்டி "மாடு செடியைத் தின்னுட்டுப் போயிடுத்து" என்பார், அவர் மாட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

---

பழைய மெய்ப்புக்காரர் | புதன், காலை 6:15

பாட்டி சொன்னதில் போனது போனதுதான் என்ற வருத்தம் முன்னால் நிற்கிறது. "விடு" அந்த வேலையைச் செய்கிறது. பார்த்தாரா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. செந்தில் முதல் பதிவில் "யானை புகுந்து 23 வாழைகளை முறித்துவிட்டது" என்று எழுதியதும் அப்படித்தான். நமக்கு அது இயல்பாகத் தெரிந்தது, ஏனென்றால் அடுத்த வரியிலேயே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர் | புதன், காலை 8:00

"உள்ளது" பற்றி இன்னும் எனக்கு உடன்பாடு வரவில்லை. "இவற்றைப் பார்க்கும்போது யானை வந்து சென்றுள்ளது தெரிகிறது" என்று எழுதினால், "பார்க்கும்போது" என்ற சொல்லே தடத்தைக் காட்டிவிடுகிறதே. நாளிதழ் தேய்த்துவிட்டது என்பதற்காக அந்த வடிவத்தையே தள்ளிவைக்க வேண்டுமா?

---

பழைய மெய்ப்புக்காரர் | புதன், காலை 9:10

அந்த வாக்கியத்தில் அது நன்றாகவே நிற்கிறது. தனியாக நிற்கும்போது எவ்வளவு சொல்கிறது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. நான் நாளிதழ்க் காதோடு கேட்கிறேன், நீங்கள் வகுப்பறைக் காதோடு. இதில் உங்களை மாற்ற எனக்குச் சான்று இல்லை.

---

வாளையாறு செந்தில் | வெள்ளி, மாலை 5:40

எல்லோருக்கும் நன்றி. நேற்று மனு கொடுத்துவிட்டேன். ஐயா சொன்ன வாக்கியத்தைச் சேர்த்து, அண்ணா சொன்ன வரிசையில். கடைசி வாக்கியத்தில் "போயிருக்கிறது"தான். அப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு "இப்பத்தான் நான் சொன்ன மாதிரி இருக்குது" என்றார்.

அதிகாரி படித்தார். இந்த முறை கொம்பனா, பிடியா என்று கேட்கவில்லை. தடம் எத்தனை அங்குலம், லத்தி எங்கே கிடந்தது, போட்டோ உண்டா என்று கேட்டார். அன்று காலையிலேயே போனில் எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன்.

ஆனால் கிளம்பும்போது அவர் தன் குறிப்பில் மலையாளத்தில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "ஆன இறங்ஙி, 23 வாழ நசிப்பிச்சு" என்று இருந்தது. அது நம் "வந்தது" மாதிரிதானே? மீனா அக்கா, "இறங்ஙியிட்டுண்டு" என்று எழுதச் சொல்லிக் கேட்கலாமா? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா?

---

மீனா, கொழிஞ்சாம்பாறை | வெள்ளி, இரவு 8:25

தம்பி, மலையாளக் குறிப்பில் "ஆன இறங்ஙி" என்று சும்மாவே எழுதுவார்கள், பேப்பரிலும் அப்படித்தான் தலைப்பு வரும். அதைப் படிக்கிறவர் பார்த்தாயா என்று உன்னிடம் கேட்க மாட்டார், ஏனென்றால் அது அதிகாரி எழுதியது. நேரில் பார்த்ததாகச் சொல்லிவிட்டோமோ என்று பயமிருந்தால், உன் தமிழ் மனுவின் நகலை அந்தக் குறிப்போடு சேர்த்து வைக்கச் சொல். அதில் உன் வாக்கியம் இருக்கிறது.

---

குப்பம் வேலு | வெள்ளி, இரவு 9:00

செந்தில், தடத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்தீர்களா? எங்கள் பக்கம் அது இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள்.

---

வாளையாறு செந்தில் | வெள்ளி, இரவு 9:12

அளவுகோல் இல்லை அண்ணா. பக்கத்தில் அப்பாவின் செருப்பு தெரிகிறது. அந்தச் செருப்பை அளந்து எழுதிக் கொடுக்கிறேன்.